கிளாவர் ராஜா ஏன் கடைசி ஆளுக்கே போகிறது?

கழுதை ஆட்டம் தெரியாத மாணவர்கள் இருக்க முடியாது. ஐம்பத்திரண்டு சீட்டையும் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இஸ்பேட் ஏஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் ஆட்டத்தைத் தொடங்குவார். ஒருவர் இறக்கிய இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்தைப் போட்டு வெட்டினால், அந்தச் சுற்றில் பெரிய சீட்டைப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை சீட்டோடு நிற்பவர் கழுதை. ஆகவே இந்த ஆட்டத்தில் ராஜா கைக்கு வந்தால் மகிழ்ச்சி இல்லை, தொல்லைதான்.

எங்கள் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் இந்த ஆட்டத்தைப் பைத்தான் மொழியில் ஒரு கணிப்பொறி நிரலாக எழுதினாள். நான்கு பேர் ஆடலாம். சீட்டைக் கலைப்பதும் பங்கிடுவதும் கணிப்பொறியின் வேலை. வீட்டில் இளையவன் என்பதால் தம்பிக்கு எப்போதும் நான்காவது இடம். இரண்டு வாரம் ஆடியபின் அவன் ஒரு புகாரோடு வந்தான்: "அக்கா, கிளாவர் ராஜா எப்பவும் எனக்கே வருது. உன் கம்ப்யூட்டர் ஏமாத்துது!"

அக்கா சிரித்துத் தள்ளிவிடவில்லை. நிரலைப் பத்தாயிரம் முறை கலைத்துப் பங்கிடச் செய்து, ஆட்டத்தைத் தொடங்கும் இஸ்பேட் ஏஸ் எத்தனை முறை எந்த இடத்துக்குப் போகிறது என்று எண்ணினாள். நான்கு இடங்களுக்கும் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு முறை சென்றது. பாரபட்சம் இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு என்னிடம் வந்தது.

சீட்டாட்டத்தில் இப்படிப்பட்ட புகார்களில் பெரும்பாலானவை வீண் புகார்களே. நமக்குக் கெட்ட சீட்டு வந்த ஆட்டம் நினைவில் நிற்கும். வராத ஆட்டம் மறந்துபோகும். ஆனாலும் இந்த வழக்கில் தம்பி பக்கமே நான் நிற்கிறேன். அவன் "எப்பவும்" என்று சொன்னது மிகைதான். ஆனால் அவன் புகார் சொன்னது கிளாவர் ராஜாவைப் பற்றி. அக்கா சோதித்ததோ இஸ்பேட் ஏஸை. புகாருக்கு உள்ளான சீட்டையே எண்ணச் சொன்னேன். பத்தாயிரம் முறையில் கணக்கின்படி வரவேண்டியது இதுதான்: முதல் இடத்துக்கு 1975, இரண்டாம் இடத்துக்கு 2275, மூன்றாம் இடத்துக்கு 2662, நான்காம் இடத்துக்கு 3088. அவள் எண்ணிக் கண்டதும் இதற்கு மிக அருகில் இருந்தது. நூறு ஆட்டத்தில் இருபத்தைந்து முறை வரவேண்டிய ராஜா, தம்பிக்கு முப்பத்தொரு முறை வந்துகொண்டிருந்தது!

தவறு எங்கே? அவள் நிரலில் சீட்டுகள் முதலில் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. இஸ்பேட் ஏஸ் தலையில், கிளாவர் ராஜா கடைசியில். பிறகு கலைத்தல் நடக்கிறது. கலைத்த கட்டில் முதல் பதின்மூன்று சீட்டு முதலாமவருக்கு, அடுத்த பதின்மூன்று இரண்டாமவருக்கு என்று பங்கீடு. கலைக்கும் பகுதி இது:

```python
for i in range(52):
    j = random.randrange(52)
    a[i], a[j] = a[j], a[i]
```

கணிப்பொறி இடங்களை 0 முதல் 51 வரை எண்ணுகிறது. ஒவ்வோர் இடமாகப் போகிறோம். ஒவ்வொரு முறையும் கட்டு முழுவதிலிருந்தும் ஏதோ ஓர் இடத்தைக் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள சீட்டையும் இங்குள்ள சீட்டையும் இடம் மாற்றுகிறோம். பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. எந்தச் சீட்டும் எங்கும் போகலாம்; ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு முறையாவது வாய்ப்பு வருகிறது. தாமாக யோசித்து எழுதுபவர்களில் பலர் முதலில் எழுதுவது இதையேதான். நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவன்தான்.

ஐம்பத்திரண்டு சீட்டை வைத்துக்கொண்டு இதன் குறையைக் கண்ணால் பார்க்க முடியாது. கட்டை மூன்று சீட்டாகக் குறைத்துவிடுங்கள். 1, 2, 3 என்று மூன்று சீட்டு, மூன்று படி. காகிதமும் பென்சிலும் போதும்.

முதற்படியில் முதல் இடத்துச் சீட்டை மூன்று இடங்களில் ஒன்றோடு மாற்றுகிறோம். தன்னோடு தானே மாறினால் 123 அப்படியே இருக்கும்; இரண்டாவதோடு மாறினால் 213; மூன்றாவதோடு மாறினால் 321. இம்மூன்றும் சம வாய்ப்பு உடையவை. இரண்டாம் படியில் இவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று கிளைகள், ஆக ஒன்பது. மூன்றாம் படியில் அந்த ஒன்பதும் மும்மூன்றாகக் கிளைத்து இருபத்தேழு பாதைகள் ஆகின்றன. ஒவ்வொரு பாதையின் முடிவையும் எழுதி, ஒரே வரிசையில் முடிபவற்றைக் கூட்டினால் 132, 213, 231 ஆகிய மூன்று வரிசைகளுக்கும் ஐந்தைந்து பாதைகள் வரும். 123, 312, 321 ஆகியவற்றுக்கு நான்கு நான்குதான். நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இது தற்செயலாக நேர்ந்த குறை அன்று. மூன்று சீட்டை அடுக்க ஆறு வழிகள்தான் உண்டு. இருபத்தேழு பாதைகளை ஆறு வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டுமானால் 27 ஆறால் வகுபட வேண்டும். வகுபடாது. இருபத்தேழு லட்டுகளை உடைக்காமல் ஆறு பேருக்குச் சமமாகக் கொடுக்க முடியுமா? முழுக் கட்டிலும் இதே கதைதான். 52 இடங்களில் ஒன்றை 52 முறை தேர்ந்தெடுத்தால் பாதைகளின் எண்ணிக்கை 52-ஐ 52 முறை பெருக்கினால் வருவது. அந்த எண் மூன்றால் வகுபடாது. ஏனெனில் 52-இன் பகா எண் காரணிகள் 2-உம் 13-உம் மட்டுமே. சீட்டுகளை அடுக்கும் வழிகளோ 52 × 51 × 50 என்று 1 வரை பெருக்கி வருவது. அது மூன்றால் தாராளமாக வகுபடும். ஆகவே சமப்பங்கு நடக்கவே நடக்காது.

அந்த மாணவி இதைக் கேட்டதும் "அப்படியானால் ஏழு முறை கலைத்துவிடுகிறேன்" என்றாள். ஏழு என்ற எண் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எனக்குத் தெரியும். கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைப் பின்னிவிட்டுக் கையால் கலைக்கும்போது ஏறத்தாழ ஏழு முறை கலைத்தால் போதும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992-இல் வெளியிட்ட கணக்கு அது. அது வேறு கலைத்தல். இங்கே மூன்று சீட்டை இரு முறை கலைத்தால் பாதைகள் 27 × 27 = 729. ஒற்றைப்படை எண் ஆறால் எப்படி வகுபடும்? எத்தனை முறை திரும்பச் செய்தாலும் ஒற்றைப்படையே. பாரபட்சம் சிறுத்துக்கொண்டே போகும், மறையாது.

சரி, இஸ்பேட் ஏஸ் மட்டும் எப்படி நியாயமாக நடந்துகொண்டது? இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏஸ் முதலிடத்தில் இருந்தது. முதற்படியிலேயே அது 52 இடங்களில் ஏதோ ஒன்றுக்குச் சம வாய்ப்போடு போய்விடுகிறது. அதன்பின் வரும் மாற்றங்கள் அந்தச் சமநிலையைக் கெடுப்பதில்லை. எனவே கட்டின் தலைச் சீட்டு ஒன்றுக்கு மட்டும் இந்த முறை முழு நியாயம் செய்கிறது. சோதிக்க எந்தச் சீட்டை எடுக்கலாம் என்றால் முதலில் கை போவதும் அந்தச் சீட்டுக்கே! மூன்று சீட்டுக் கணக்கிலும் இதைக் காணலாம். 1 என்ற சீட்டு மூன்று இடங்களிலும் ஒன்பது ஒன்பது பாதைகளில் முடிகிறது. 2 என்ற சீட்டோ முதலிடத்தில் பத்து, நடுவில் எட்டு, கடைசியில் ஒன்பது.

கிளாவர் ராஜாவின் நிலை வேறு. அது கட்டின் அடியில் காத்திருக்கிறது. அதன் முறை வருவதற்கு முன்பே ஏதோ ஒரு படி அதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படியின் இடத்துக்கு இழுபட்டுப் போகிறது. தொடக்கத்திலேயே இழுபட்டு முன்னால் போனால் அங்கே நிலைப்பது அரிது. அதன்பின் இன்னும் பல படிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று மறுபடியும் அதைப் பின்னுக்கு இழுத்துவிடலாம். பிந்திய படிகளில் இழுபட்டால் அதைக் கலைக்க மீதிப் படிகள் அதிகம் இல்லை. ஆகவே ராஜா பின்பகுதியில்தான் மிகுதியாகத் தங்குகிறது. பின்பகுதி யாருக்கு? நான்காமவருக்கு.

இனிச் சரியான முறை. மேலே உள்ள நிரலில் ஒரே ஒரு மாற்றம்:

```python
for i in range(52):
    j = random.randrange(i, 52)
    a[i], a[j] = a[j], a[i]
```

கட்டு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, இன்னும் முடிவு செய்யப்படாத இடங்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு பானையில் 52 சீட்டைப் போட்டு, பாராமல் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைப்பதும் இதுவும் ஒன்றே. மேசைக்கு வந்த சீட்டு மறுபடி பானைக்குள் போகாது. முதல் இடத்துக்கு 52 வாய்ப்பு, இரண்டாவதற்கு 51, மூன்றாவதற்கு 50. மூன்று சீட்டு என்றால் 3 × 2 × 1 = 6 பாதைகள். ஆறு வரிசைகள், ஆறு பாதைகள், வரிசைக்கு ஒன்று. லட்டு மிச்சம் இல்லை.

இம்முறை ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்களின் பெயரால் வழங்குகிறது. 1938-இல் வெளியான தங்கள் அட்டவணை நூலில் காகிதத்தில் எண்களை அடித்துக்கொண்டே போகும் முறையாக இதைத் தந்தார்கள். அதைக் கணிப்பொறிக்கு ஏற்றபடி, அடிப்பதற்குப் பதில் இடம் மாற்றும் முறையாக 1964-இல் வெளியிட்டவர் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு. பைத்தானில் உள்ள `random.shuffle` என்ற ஆணையும் இம்முறையைத்தான் பின்பற்றுகிறது. நீங்களாக எழுதிப் பழகியபின் அதையே பயன்படுத்துங்கள் என்பேன்.

இடையில் ஓர் எச்சரிக்கை. "தன் இடத்திலேயே மாறுவது வீண்தானே" என்று நினைத்து `randrange(i+1, 52)` என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்போது `i` கடைசி இடமான 51-ஐ அடைந்ததும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கடைசிப் படியை நீக்கிவிட்டால் பிழை போய்விடும். ஆனால் எந்தச் சீட்டும் தான் இருந்த இடத்தில் ஒருபோதும் இருக்காது. இஸ்பேட் ஏஸ் தலையில் வரவே வராது. நன்றாகக் கலைந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் நன்றாகக் கலைந்த கட்டில் சில வேளை ஒரு சீட்டு தன் பழைய இடத்திலேயே இருக்கத்தான் செய்யும்.

அந்த மாணவிக்கு நிரலை மாற்ற மனம் இல்லை. வேறு ஒட்டுகள் யோசித்தாள். பதின்மூன்று பதின்மூன்றாக வெட்டாமல், வீட்டில் போடுவதுபோல ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிப் போட்டால் என்ன? போட்டால் புகார் நின்றுவிடும் என்பது உண்மையே. முன்பகுதியும் பின்பகுதியும் நால்வருக்கும் கலந்து போய்விடும். ஆனால் கலைத்தலின் பாரபட்சம் அப்படியே இருக்கும், கண்ணில் படாத இடத்தில். என் கருத்தில் இது முந்தியதைவிட மோசம். தெரிகிற தவறையாவது ஒரு தம்பி வந்து சொல்லுவான்.

கழுதை ஆட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று நீங்கள் கேட்கலாம். அதே மூன்று வரியை, 52 பேர் உள்ள வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்கு யாரை முதலில் அழைப்பது என்று தீர்மானிக்க ஒருவர் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசைதான் தொடக்க அடுக்கு. அப்போது பதிவேட்டில் இரண்டாவதாக இருப்பவர் முதல் ஆளாக அழைக்கப்படுவது, நியாயமாக வரவேண்டியதைப்போல் 1.35 மடங்கு. பதிவேட்டில் கடைசியில் இருப்பவருக்கோ 0.74 மடங்குதான். 52,000 முறை கலைத்தால் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் வரவேண்டிய இடத்தில் ஒருவருக்கு 1352, மற்றவருக்கு 743. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெயரின் முதல் எழுத்து செய்கிற வேலை இது. ஆண்டுக்குச் சில முறை நடக்கும் தேர்வில் யாரும் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவேதான் நிரலை எழுதியவரே எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எண்ணும் முறை எளிது. கட்டை மூன்று சீட்டாக்கி ஆறாயிரம் முறை கலையுங்கள். ஆறு வரிசைகளுக்கும் ஆயிரம் ஆயிரம் வரவேண்டும். முப்பது முன்பின் ஆவது இயல்பு, சில வேளை அறுபதும் ஆகலாம். பழைய நிரல் மூன்று வரிசைகளுக்கு 1111-ஐ ஒட்டியும், மற்ற மூன்றுக்கு 889-ஐ ஒட்டியும் காட்டும். ஐயத்துக்கே இடமில்லை. அறுபது முறை மட்டும் கலைத்தால் பத்து பத்தாக வரவேண்டியது 11-ஆகவும் 9-ஆகவும் வரும். அதை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது, யாரையும் விடுவிக்கவும் முடியாது.

சரியான முறை எழுதியாயிற்று என்றால் எல்லாம் முடிந்ததா? இல்லை. அதற்குத் தீனி போடும் சமவாய்ப்பு எண்களும் நல்லவையாக இருக்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இணையத்தில் போக்கர் ஆட நிரல் செய்து தந்த ஒரு நிறுவனம், தன் கலைத்தல் நியாயமானது என்று காட்ட அந்த நிரலையே வெளியிட்டது. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் வல்லுநர்கள் அதைப் படித்தார்கள். முதலில் கண்ணில் பட்டது நம் மாணவி செய்த அதே தவறு. போதாததற்கு 52-க்குப் பதில் 51 வரைதான் எண் எடுக்கப்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் நிரலுக்குத் தொடக்கமாக ஓர் எண் தர வேண்டும். அதை விதை என்பார்கள். அங்கே விதையாக இருந்தது நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகள். ஒரு நாளில் 8,64,00,000 மில்லி விநாடிகள்தான். 52 சீட்டை அடுக்கும் வழிகளோ 68 இலக்க எண்! வந்திருக்கக்கூடிய கட்டுகள் இவ்வளவே என்று ஆகிவிட்டது. தங்கள் கடிகாரத்தை அந்த நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஒட்ட வைத்ததும் அது ஏறத்தாழ இரண்டு லட்சமாகச் சுருங்கியது. கையில் உள்ள இரு சீட்டும் மேசையில் விரித்த மூன்று சீட்டும் தெரிந்தால் போதும், மீதி யாரிடம் என்ன இருக்கிறது என்று ஆட்டம் நடக்கும்போதே சொல்ல முடிந்தது. அந்த நிறுவனம் சரியான கலைத்தலையே எழுதியிருந்தாலும் இந்த ஓட்டை அடைபட்டிராது. நிரலை வெளியிட்டதற்காக அவர்களைச் சிலர் கேலி செய்யலாம். நான் மாட்டேன். வெளியிட்டதால்தான் தவறு அகப்பட்டது.

வீட்டுக் கழுதை ஆட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. பைத்தான் தன் விதையைக் கணிப்பொறியின் இயக்கத் தளத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறது; பந்தயம் வைக்காத ஆட்டத்துக்கு அது போதும். அந்த மாணவி முடிவில் நிரலை மாற்றினாள். மறுபடி பத்தாயிரம் முறை கலைத்து, இம்முறை ஒரு சீட்டை மட்டும் அல்ல, ஐம்பத்திரண்டு சீட்டையும் நான்கு இடங்களுக்கும் எண்ணி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். மாற்றிய அன்று மாலை ஐந்து ஆட்டம் ஆடினார்கள். அதில் மூன்றில் கிளாவர் ராஜா தம்பிக்கே வந்தது. "பாத்தியா, இன்னும் சரியாகலே!" என்று கத்தினான். அக்கா நோட்டை அவன் முன் விரித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கச் சொல்லி விசையை அழுத்தினாள்.